தொடு, அண்ணாத்தே

அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் கேமரா ஃபிளாஷ் ரிப்பேர் செய்பவள் நாகவல்லி. கல்யாண போட்டோகிராபர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். அவளுக்குக் கோபம் சட்டென்று வரும், அன்று வந்ததோ அடங்கவே இல்லை.

உடைந்த ஃபிளாஷோடு கடைக்கு வந்த பவித்ராவின் இடது கை விரல்களில் கட்டு. வீரராகவனின் ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கும் பெண். கீழே விழுந்து மூடி பிளந்த ஃபிளாஷை ஒட்டச் சொல்லியிருக்கிறார் முதலாளி. ஸ்டூல் மேல் உட்கார்ந்து மூடியை அழுத்தியபோது விரல் உள்ளே பட்டது. ஷாக் தூக்கி எறிந்ததில் கீழே விழுந்து மண்டையிலும் அடிபட்டது.

"பேட்டரிய எடுத்தாச்சு, தைரியமா தொடுன்னாரு, அக்கா. இப்போ, நான் ஈரக்கையோட தொட்டேன், என் தப்புங்கிறார்" என்றாள் பவித்ரா.

நாகவல்லி அந்த ஃபிளாஷையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போனாள். வீரராகவன் இரண்டு கேமராமேன்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஃபிளாஷில் பேட்டரி போட்டு ஆன் செய்தாள். கீச்சென்ற சத்தம் ஏறி, சில நொடிகளில், சார்ஜ் ஏறிவிட்டதைக் காட்டும் சின்ன விளக்கு எரிந்தது. ஆஃப் செய்து பேட்டரியை உருவி மேஜையில் எறிந்தாள்.

"பேட்டரி இல்ல. தொடு, அண்ணாத்தே."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னா பயம்? நீதானே அந்தப் பொண்ணாண்ட சொன்னே?"

பிளந்த மூடி வழியே மீட்டர் கம்பிகளை வைத்தாள். எண் முந்நூறு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"பேட்டரிக்குள்ள ரசாயனம் வேலை செஞ்சாத்தான் கரண்ட். அது மெதுவா வரும். அதான் இதுல வோல்ட்ட ஏத்தி கெப்பாசிட்டர்ல, உள்ள ரெண்டு தகடு வெச்ச இந்த டப்பால, சேர்க்க நேரமாவுது. சேர்ந்தப்புறம் சார்ஜ் தகட்டு மேலயே ரெடியா நிக்குது. ட்யூபுல கேஸ் வழி விட்டா, கண்ணு மூடி தொறக்கங்காட்டியும் மொத்தமும் எறங்கிடும். அதான் பளீர்னு அடிக்குது. ட்யூபுக்குப் பதிலா அவ விரல் வழி விட்டுச்சு!"

பிறகு பைக்குள்ளிருந்து காப்பிடப்பட்ட பிடியோடு ஒரு ரெசிஸ்டரை எடுத்து கெப்பாசிட்டரின் முனைகளில் வைத்தாள். மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. "இத்த வெச்சா நிதானமா காலியாவும். பூஜ்யம்னு பார்த்தப்புறம் கைய வெக்கணும். அத்த சொல்லாம, அவமேல பழியப் போடுறே?"

"கஸ்டமர் வராங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அவர்.

"இனிமே உன் ஃபிளாஷ் ஒண்ணு கூட என் கடைக்கு வரக்கூடாது."

அவளுக்கு வரும் வேலையில் பாதி அவருடையதுதான். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினாள்.

ஒரு கேமராமேன் பின்னாலேயே ஓடி வந்து, தன் பையிலிருந்த பழைய ஃபிளாஷை நீட்டினான். "யக்கா, இத்தையும் கொஞ்சம் பாரு. போன வாரம் நானே தொறந்துட்டேன்."

"போடா லூசு!" என்று அவனையும் திட்டிவிட்டு, வாங்கிக்கொண்டாள்.