அம்சத்தின் நோட்டில் எழுபத்திரண்டு

வலங்கைமானுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டின தெருவில் போய் சாமிதுரை வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். லஸ்கர் வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளை கூடக் கைகாட்டும். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, அந்தத் தெருவிலேயே முதலில் அரசாங்கச் சம்பளம் வாங்கினவர். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஓய்வுபெற்று ஐந்து வருஷமாகியும் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு கடைக்குப் பால் வாங்கப் போவதுதான் கொஞ்சம் அதிகம்.

லஸ்கர் வேலை என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மதகின் ஷட்டரை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். தண்ணீருக்குள் நிற்கும் அளவுகோலைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் பார்த்து, எத்தனை அடி என்று நோட்டில் எழுத வேண்டும். ஷட்டர் சக்கரத்தைச் சுற்றுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நடுமழையிலும் போய் நின்றிருக்கிறார். அளவுகோலில்தான் மனுஷன் வேலையைக் காட்டினார். காலையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே மாலைக்கும் சேர்த்து எழுதிவிடுவார். காலையில் மூன்று அடி என்றால் சாயங்காலத்துக்குள் தண்ணீர் எங்கே ஓடிப்போகும் என்பது அவர் நியாயம். அவர் அதிர்ஷ்டம், முப்பத்தொரு வருஷ சர்வீஸிலும் ஆறு அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த மகாகெட்டிக்காரர் கையில்தான் அம்சத்தின் நாடி நோட்டு வந்து சேர்ந்தது.

அம்சம் அவர் மனைவி. ஐம்பத்தெட்டு வயது, நாலு மா நிலத்தில் களையெடுப்பிலிருந்து எல்லாம் அவள் கைதான். ஆடி மாதம் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கும்பகோணத்தில் டாக்டர் தியாகராசனிடம் காட்டினார்கள். துடிப்பு தாறுமாறாகவும் வேகமாகவும் போகிறது என்றார். ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பைக் குறைக்கக் காலையும் ராத்திரியும் ஒரு மாத்திரை கொடுத்தார். அடுத்த முறை போனபோது துடிப்பு இன்னும் அடங்கவில்லை என்று இரண்டாவது மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார். இந்த அளவு ஒத்துக்கொள்கிறதா, கூடிவிட்டதா என்று தெரிய இரண்டு வாரம் நாடி எண்ணி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

சென்னையிலிருந்த மகள் அபிநயா விஷயம் கேட்டு, நாடி பார்க்கும் கைக்கடிகாரம் ஒன்று அனுப்புகிறேன் என்றாள். சாமிதுரை போனிலேயே அவளை ஒரு வாங்கு வாங்கினார். கடிகாரம் மணி காட்டினால் போதும், வைத்தியம் பார்க்க வேண்டாம் என்றார். ஆற்றையே அளந்தவனுக்கு ஒரு பொம்பளை கையை எண்ணத் தெரியாதா என்றும் கேட்டார். எண்ணத் தெரிந்தவன் எண்ணியிருக்க வேண்டுமே, அதுதானே கேள்வி.

டாக்டரிடம் நர்ஸாக இருந்த பூவிழி ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, எப்படி எழுதுவது என்று அவரை உட்கார வைத்துச் சொன்னாள். காலையில் மாத்திரை போடும் முன்னால், பிறகு மாலை ஆறு மணிக்கு. காபி குடித்தவுடனே வேண்டாம், வேலை செய்துவிட்டு வந்தவுடனேயும் வேண்டாம். அம்மா ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைக்க வேண்டும். அம்மாவுக்குத் துடிப்பு சீராக இல்லை, அதனால் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கும் கதையெல்லாம் கூடாது, நொடி முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை எண்ண வேண்டும். பிறகு தேதி, மணி, எண்ணிக்கை எழுதணும். துடிப்பு சீராக வந்ததா, விட்டுவிட்டு வந்ததா என்று எழுதணும். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார், மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், விட்டுப்போனதா, அதுவும் வேணும். கடைசிக் கட்டம் உடம்புக்கு என்ன செய்தது என்பதற்கு: தலைசுற்றலா, மூச்சு வாங்கலா, படபடப்பா. இடையில் எப்போது அப்படி ஏதாவது வந்தாலும் அப்போதே ஒருதரம் எண்ணி எழுதணும். எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே போனாலும், உட்கார்ந்திருக்கும்போதே நூற்றுப்பத்தைத் தாண்டினாலும் போன் செய்யணும். மயங்கி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரணும்.

சாமிதுரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். காதில் வாங்கினாரா என்பது வேறு. பஸ் ஏறியதும் அம்சத்திடம், இத்தனூண்டு கைக்கு ஏழு கட்டமாம், காவிரிக்கே ரெண்டு கட்டம்தான் என்று சிரித்தார்.

முதல் நாள் காலையில் முறையாகத்தான் ஆரம்பித்தார். அம்சத்தை நாற்காலியில் உட்கார வைத்து, பூவிழி சொன்ன இரண்டு விரலையும் வைத்தார். துடிப்பு பிடிபடவில்லை. இரண்டு விரலாவது மூன்று விரலாவது என்று சலித்துக்கொண்டு, மாங்காய் பழுத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உடனே கிடைத்தது. டக், டக் என்று சீராக, அழகாக. முழு நிமிடம் எண்ணினார். எழுபத்திரண்டு. என் கையில் பிடிபடாத நாடியா என்று அவளிடமே பெருமையடித்துக்கொண்டு, சீராக உள்ளது என்று எழுதினார். மாலைக்கும் சேர்த்தே எழுதினார்.

அதோடு எண்ணுவது முடிந்தது. மறுநாளிலிருந்து காலையில் டீக்கடைக்குப் போகும் முன்னால் இரண்டு வரி. 72, 73, 72, 71. எல்லா நாளும் ஒரே எண் வந்தால் மதகு நோட்டைப் பார்க்க வரும் மேஸ்திரி சந்தேகப்படுவார் என்ற பழைய பழக்கத்தில் ஒன்று கூட்டி ஒன்று குறைத்தார். கடைசிக் கட்டத்தில் இல்லை, இல்லை, இல்லை என்று மேலிருந்து கீழ்வரை அச்சடித்ததுபோல எழுதினார். கையெழுத்து மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அம்சத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டுமே, அதற்கு அவருக்கு ஏது நேரம்? நான்காம் நாள் களை பறித்துக்கொண்டிருந்தவள் கண் இருட்டி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னதற்கு, வெயில் என்றார். ஏழாம் நாள் படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறும் வயிறு என்றார். பத்தாம் நாள் வாய்க்கால் படியில் பாத்திரம் துலக்கும்போது தலை சுற்றி, குண்டான் தண்ணீரோடு போய்விட்டது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஜன்னத் பீவி தோளைப் பிடிக்காவிட்டால் அம்சமும் பின்னாலேயே போயிருப்பாள். அன்றைக்கு சாமிதுரை குண்டான் போனதற்குத்தான் வருத்தப்பட்டார். நோட்டில் வழக்கம்போல இல்லை என்றே எழுதினார்.

பதினான்காம் நாள் காலை பத்தரை மணிக்கு டாக்டர் அறைக்கு வெளியே பூவிழி நோட்டை வாங்கிப் புரட்டினாள். சாமிதுரை பரிசு வாங்க வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"அய்யா, இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுபத்திரண்டுன்னு இருக்குங்க."

சாமிதுரை சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பூவிழி அவரை விட்டுவிட்டு அம்சத்தின் கையைப் பிடித்தாள். இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள், நம்பாமல் இன்னொரு நிமிடமும் எண்ணினாள். நாற்பத்துநாலு. அதுவும் விட்டுவிட்டு வந்தது. தலை சுற்றுகிறதா அம்மா என்று கேட்டதுதான் தாமதம், அம்சம் வரப்பு, சுவர், வாய்க்கால் படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போது புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் தியாகராசன் ஒரு கையில் அந்தக் காகிதத்தையும் இன்னொரு கையில் நோட்டையும் வைத்துக்கொண்டு, முதல் நாளாவது நிஜமாக எண்ணினீர்களா என்று கேட்டார். அதிலாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சாமிதுரைக்கு ரோஷம் வந்தது. சத்தியமாக எண்ணினேன் சார் என்று, அம்சத்தின் கையைப் பிடித்துக் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். ஒரு நிமிடம் எண்ணி, எழுபத்து நாலு என்றார். இ.சி.ஜி.யில் நாற்பத்து நாலு இருந்தது.

"கட்டைவிரல்லயே ஒரு நாடி ஓடுதுங்க. நீங்க எண்ணினது உங்க நாடி," என்றார் டாக்டர். "உங்க நாடி நல்லாத்தான் இருக்கு."

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. இந்த நோட்டை நம்பியிருந்தால் இதே மாத்திரையை எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வாங்க என்று அனுப்பியிருப்பேன் என்றும் சொன்னார். மூன்று மாதத்தில் அம்சம் எத்தனை தடவை வாய்க்கால் படியில் இறங்குவாள் என்று சாமிதுரைக்குத் தெரியும். கணக்கெடுக்க அளவுகோல் தேவையில்லை.

டாக்டர் அம்சத்தை மதியம்வரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, துடிப்பு மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்தார். ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். இடையில் நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ கூடாது என்றார். பழைய பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று சாமிதுரை மெல்லக் கேட்டார். பூவிழி கிழிக்கவில்லை. பதினான்கு நாளுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, எண்ணாமல் எழுதியது என்று எழுதிக் கொடுத்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த நோட்டு அம்சத்தின் மடியில்தான் இருந்தது. ஜன்னல் ஓரம் மதகு வந்தது, போயிற்று. லஸ்கர் தலையைத் தூக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு அம்சம் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்தாள். காபி கேட்கவில்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை நீட்டினாள். இந்தத் தடவை கட்டைவிரல் கிட்டேயே வரவில்லை. இரண்டு விரலை வைத்து, இடம் தேடி, இன்னும் கொஞ்சம் தேடிக் கண்டுபிடித்தார். முதல்நாள் கிடைத்ததுபோல அழகாக இல்லை அது. இரண்டு அடி வந்தது, நின்றது, எங்கே என்று அவர் பயப்படும் நேரத்துக்கு மூன்றாவது வந்தது. நொடி முள் ஒரு சுற்று முடியும்வரை உதட்டை அசைத்து எண்ணினார். நாற்பத்தெட்டு.

ஐம்பதுக்குக் கீழே. நோட்டை எடுக்கும் முன்னால் போனை எடுத்தார். காலையில் பார்த்ததைவிட ஏறியிருக்கிறது, போட்ட மாத்திரையின் வேகம் அடங்க நேரமாகும், ராத்திரிக்குத் துடிப்பு மாத்திரை வேண்டாம், காலையில் எண்ணிவிட்டு மறுபடி கூப்பிடுங்கள் என்று டாக்டரைக் கேட்டுச் சொன்னாள் பூவிழி. அதையும் சேர்த்து எழுதினார். விட்டுவிட்டு வருகிறது என்று எழுதினார். உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"உடம்புக்கு என்ன செய்யுது?"

பதினாலு நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"லேசா கிறுகிறுப்பு," என்றாள் அம்சம். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் கோவம்," என்றாள்.

சாமிதுரை கிறுகிறுப்பு என்று எழுதிவிட்டு பேனாவை மூடப் போனார். அம்சம் நோட்டின்மேல் கையை வைத்தாள்.

"அதையும் எழுதுங்க. டாக்டர் பார்க்கட்டும்."

எழுதினார்.