வாசல் படிகாரமும் கடலை மிட்டாயும்

கார்மேகத்தின் வாய்க்குப் பூட்டுப் போட இதுவரை யாரும் பிறக்கவில்லை. கமுதிப் பக்கம் அவர் ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் அவர்தான். அதுவும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. குவைத்துக்கு வந்தபின் அந்தக் கெமிஸ்ட்ரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஃபஹாஹீலில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் வருகிற ஃபைலுக்கு நம்பர் போடுவார், போகிற ஃபைலுக்கு முத்திரை குத்துவார். பத்து வருஷமாக உள்ளே அடைபட்டுக் கிடந்த அந்தப் படிப்பு, மகள் நாகஜோதியின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றதும் அணை உடைத்துக்கொண்டு வரும்.

போன வருஷமும் அப்படித்தான் வந்தது. எரிமலை மாடல் முன்னால் நின்று அவரே விளக்கினார், நடுவரின் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். மார்க் தாளில், ‘நல்ல முயற்சி, ஆனால் அப்பாவுடையது’ என்று எழுதியிருந்தார்கள். நாகஜோதி ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்த வருஷம் ஏழாம் வகுப்பு சயின்ஸ் டீச்சரான மலையாளி ஜலஜா சட்டமே போட்டுவிட்டார். வீட்டில் உதவலாம். ஹாலில் பெற்றோர் கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வாயைத் திறந்தால் மார்க் குறையும். முதலிடம் பெறுகிற மாடல்தான் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போகும். நாகஜோதிக்கு அந்த மேடையில் தானே பேச வேண்டும் என்று உயிர்.

“அப்பா, என் டாபிக் தண்ணி சுத்திகரிப்பு. நீங்க பேசக் கூடாது. ப்ராமிஸ்.”

“நா ஏன்த்தா பேசப் போறேன்” என்றார் கார்மேகம். சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். மூணு அடுக்குத் தொட்டி, மோட்டார், எல்லாம் வேண்டுமாம்.

அப்பாசியாவில் அந்த ஃபிளாட்டின் இன்னொரு அறையில் இருக்கிற யாழ்ப்பாணத்து மார்க்கண்டு தேநீரோடு எட்டிப் பார்த்தார். “மேகம், பிள்ளை கேட்டது ஒரு மாடல். நீர் கட்டுறது நகராட்சி.”

கடைசியில் நாகஜோதி சொன்னதுதான் நின்றது. கலங்கல் தண்ணீருக்கு ஒரு கண்ணாடி ஜாடி, அதைத் தெளிய வைக்கப் படிகாரம், வடிகட்ட அடி வெட்டித் தலைகீழாக நிறுத்திய பாட்டில் ஒன்று, ஒரு சார்ட்.

முதல் சிக்கல், அழுக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது. குழாயைத் திறந்தால் பளிங்கு மாதிரி வருகிற ஊர். கார்மேகம் வெள்ளிக்கிழமை கார் எடுத்துப் போய்ப் பாலைவன மணலை ஒரு பை நிறைய அள்ளி வந்தார். ஜாடியில் போட்டுக் கலக்கிவிட்டு, ‘கலங்கல் நீரில் மிதக்கும் நுண்துகள்கள்’ என்று தொடங்கினார். ரெண்டாவது வாக்கியம் முடிவதற்குள் மணல் மொத்தமும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

“இது தானாவே தெளிஞ்சிட்டுதே” என்றார் மார்க்கண்டு. “இனிப் படிகாரம் எதுக்கு? பரிசை மணலுக்கே குடுக்கலாம்.”

கார்மேகத்துக்கு முகம் தொங்கிப் போயிற்று. அடியில் படியாமல் மிதக்க வேண்டுமென்றால் களிமண் போல மெல்லிய மண் வேண்டும். அது இந்த ஊரில் ஏது?

நாகஜோதி அம்மாவின் அலமாரியைத் திறந்தாள். முல்தானி மட்டி.

“அது என் மூஞ்சிக்கு வச்சது” என்றாள் ஜோதிமணி.

“ரெண்டே ஸ்பூன்மா.”

ரெண்டு ஸ்பூனில் ஜாடித் தண்ணீர் மழைக்கால ஊருணி போலக் கலங்கியது. டிபன் சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் கலங்கலாகவே நின்றது. கார்மேகத்துக்கு ஆனந்தம். உடனே படிகாரம் வேண்டும். கடைக்குப் போகப் பொறுமை இல்லை. வாசல் நிலைக்கு மேலே கறுப்புக் கயிற்றில், கண்ணேறு படாமலிருக்க ஜோதிமணி கட்டிவைத்த படிகாரக் கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

“இறங்குங்க. அத எடுத்தா வீட்டுக்குக் கண்ணு பட்டுரும்.”

“நம்மகிட்ட கண்ணு பட என்ன இருக்கு? முத்திரை குத்துறவன் வீடு.”

“மக இருக்காளே.”

பேச்சுவார்த்தையில் ஒரு முனையை மட்டும் உடைக்க ஒப்புக்கொண்டாள். வெளிமுகம் தூசியேறிக் கிடந்ததால் கழுவிப் பொடித்தார்கள். கொஞ்சம் போட்டு, கார்மேகம் கரண்டியை எடுத்து ஒரே வேகமாகச் சுழற்றினார். சுழற்றிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தெளியவே இல்லை.

“படிகாரம் திருஷ்டியிலேயே சத்தெல்லாம் செலவாகிப் போச்சு” என்றாள் ஜோதிமணி.

நாகஜோதி புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா, கைய எடுங்க” என்றாள். புதுத் தண்ணீர் கலக்கினாள். படிகாரம் பரவுகிற வரைக்கும் வேகமாக ஒரு சுற்று. அப்புறம் பாயசம் கிண்டுகிற மாதிரி மெதுவாக. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திரிந்த பால்போலத் திப்பி திப்பியாகத் திரண்டன. கரண்டியை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். திப்பிகள் மெல்ல இறங்கின.

“நீங்க வேகமா கிண்டுறப்போ ஒட்டுனதெல்லாம் ஒடைஞ்சு போகுதுப்பா.”

“எனக்குத் தெரியும்த்தா. மறந்துட்டேன்.”

அடுத்து வடிகட்டி. பாட்டில் வாயில் பஞ்சு, மேலே மீன் தொட்டிக் கடையில் வாங்கிய கரி, அதற்கு மேலே மணல், எல்லாவற்றுக்கும் மேலே கூழாங்கல். முதல் முறை ஊற்றியபோது கீழே கறுப்பாகக் கட்டங்காப்பி இறங்கியது. கரியைக் கழுவாமல் போட்டவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கார்மேகத்தைப் பார்த்தார்கள். கரியையும் மணலையும் தெளிந்த நீர் வருகிறவரை கழுவிப் போட்டபின் சரியாயிற்று.

சார்ட்டின் தலைப்பில் ‘நூறு சதவீதம் தூய குடிநீர்’ என்று அவர் கொட்டை எழுத்தில் ஒரு பட்டை ஒட்டியிருந்தார். நாகஜோதி அதைக் கிழித்துப் போட்டாள். கண்காட்சி அன்று காலை, அவள் தலை பின்னிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவர் இன்னொன்று எழுதி ஒட்டிச் சுருட்டிவைத்தார். தலைப்பு இல்லாத சார்ட், தலையில்லாத ஆள் மாதிரி இருந்தது அவருக்கு.

பள்ளி ஹாலில் கயிற்றுக்குப் பின்னால் அப்பாக்களும் அம்மாக்களும் வரிசையாக நின்றார்கள். ஜலஜா டீச்சர் நாகஜோதியின் மேசைக்கு வரவும், ஜோதிமணி கைப்பையிலிருந்து ஒரு பெரிய கடலை மிட்டாயை எடுத்துக் கணவன் வாயில் திணித்தாள். ஊரிலிருந்து வந்த பழைய மிட்டாய். கல்.

நாகஜோதி பேச ஆரம்பித்தாள். கலங்கல், படிகாரம், வேகமாக ஒரு சுற்று, மெதுவாக நெடுநேரம். கார்மேகத்தின் வலது கை தானாகவே காற்றில் கிண்டியது. ஜோதிமணி அதைப் பிடித்துக்கொண்டாள். திப்பி அடங்கியதும் நாகஜோதி மேலே தெளிந்த நீரை மட்டும் வடிகட்டியில் ஊற்றினாள். கீழே டம்ளரில் தெளிவாகச் சொட்டியது.

“நன்னாயிட்டுண்டு” என்றார் டீச்சர். “கடல் வெள்ளம், கடல் தண்ணி, இதிலே ஊத்தினா உப்பு போகுமா?”

“போகாது மிஸ். உப்பு கரைஞ்சிருக்கு. அதுக்கு டிஸ்டிலேஷன் இல்லேன்னா ஆர்.ஓ. வேணும். நம்ம டேப்ல வர்றது அப்படிச் செஞ்சதுதான்.”

“அப்போ இந்த டம்ளரைக் குடிக்கலாமா? சார்ட்டில் நூறு சதவீதம் குடிநீர்னு போட்டிருக்கே.”

நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். கொட்டை எழுத்து அவளைப் பார்த்து இளித்தது. கயிற்றுக்குப் பின்னால் கார்மேகம் மிட்டாயைக் கடிக்கப் பார்த்தார். பதில் தொண்டையில் நின்றது, அதற்கு முன்னால் மிட்டாய் நின்றது. பேசினால் மார்க் போகும், பேசாவிட்டால் தன் எழுத்தாலேயே மகள் மாட்டிக்கொள்வாள்.

“குடிக்கக் கூடாது மிஸ்” என்றாள் அவள். “பார்க்கத்தான் க்ளியர். கிருமி இருக்கும். குளோரின் போடணும், இல்ல கொதிக்க வைக்கணும். தவிர, இதுல எங்கம்மா ஃபேஸ்பேக் வேற இருக்கு. அந்த லைன் தப்பு. எங்கப்பா எழுதினது.”

ஹாலே திரும்பிக் கயிற்றைப் பார்த்தது.

“அச்சன்மாரே, சரியாணோ?” என்று அப்பாக்கள் பக்கம் பார்த்துக் கேட்டார் டீச்சர்.

கார்மேகம் வாய் நிறைய மிட்டாயோடு தலையை ஆட்டினார். ஆமாம், தப்புதான் என்று இன்னொரு முறையும் ஆட்டினார். பள்ளியில் அவர் பேசாமல் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மாலையில் பலகையில் பெயர் ஒட்டினார்கள். போட்டிக்கு நாகஜோதி. பக்கத்தில் ஒரு குறிப்பு: சார்ட்டை மாணவியே புதிதாக எழுத வேண்டும்.

காரில் ஏறியதும் நாகஜோதி சொன்னாள், “இப்பப் பேசலாம்பா.”

கார்மேகம் கடைசித் துண்டை விழுங்கினார். “எல்லாம் நல்லாத்தான் பண்ணுன. ஆனா அந்த ரெண்டாவது கிண்டு இருக்கே, அத இன்னுங் கொஞ்சம்...”

பக்கத்து சீட்டிலிருந்து ஜோதிமணியின் கை நீண்டது. அதில் இன்னொரு கடலை மிட்டாய் இருந்தது.