சேர்க்கைக் குழுவின் எல்லை

தூத்துக்குடியில் ஜெயகணேஷிடம் யாரும் எதையும் இரண்டாவது தடவை கேட்டது கிடையாது. முதல் தடவையிலேயே "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கவும், துஷ்டி வீட்டில் சுடுகாட்டுக்கு வேன் பிடிக்கவும், கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட்காரனிடம் சண்டை போடவும் அவர்தான். அந்தச் சண்டையிலும் கடைசியில் மைக் செட்காரன் பக்கமே சரி என்று ஒத்துக்கொண்டு வருவார். கடற்கரைச் சாலைக்குப் போகும் வழியில் கயிறு, ஆணி, பெயிண்ட் விற்கும் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பத்து வருஷம் குமாஸ்தா. அங்கே கற்றுக்கொண்ட எழுத்துதான் அவரைக் கெடுத்தது. ஊர் வியாபாரிகள் சங்கம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குச் செயலாளர் வேண்டியிருந்தபோது, எழுதத் தெரிந்தவன், எதிர்த்துப் பேசாதவன் என்று இரண்டு தகுதியும் ஒரே ஆளிடம் இருந்ததைக் கண்டு நிர்வாகக் குழுவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்க்கையில் ஊர் சிரித்தது. யாரோ புகார் போட, மாவட்டக் கல்வி அலுவலகம் விளக்கம் கேட்டது. சேர்க்கை நடைமுறையை ஆராய வெளியாட்களைக் கொண்டு ஒரு குழு அமைப்பது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. அந்தக் குழு எதை ஆராயலாம், எதைத் தொடக்கூடாது, யாரிடம் கேள்வி கேட்கலாம், எப்போது யாரிடம் அறிக்கை தர வேண்டும் என்று முதலில் ஓர் எல்லை வரையறை எழுத வேண்டும். "டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்" என்று சொன்னார் தலைவர் மகாராஜா அண்ணாச்சி, வாய் நிறைய. எழுதுகிற வேலை யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனால் இந்தத் தடவை ஜெயகணேஷ் "சரி" என்று சொன்னதில் ஒரு காரியம் இருந்தது. அவருடைய தங்கை சந்தனச்செல்வியின் மகளுக்கும் அதே பள்ளியில்தான் இடம் மறுத்திருந்தார்கள். மூன்றரை வயதுக் குழந்தையிடம் கப்பல் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அதன் அப்பன் கப்பலில் வேலை பார்க்கிறவன். அது "அப்பா" என்று சொல்லிவிட்டது. செயலாளரின் மருமகளுக்கே இடமில்லை என்றால் அந்தச் செயலாளர் எதற்கு என்று தங்கை அன்றிலிருந்து அண்ணனிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்து போய்விடுகிறாள். ஜெயகணேஷுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. குழு நியாயமாக ஆராய்ந்தால் குழந்தைக்கு வழி பிறக்கும், தங்கையும் பேசுவாள் என்று கணக்குப் போட்டார்.

அதனால் வரைவைப் பொறுக்கி எடுத்த எழுத்தில் எழுதினார். அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அரசாங்கத்தின் குலுக்கல், அதில் பள்ளிக்கு வேலையில்லை, அது மட்டும் வரம்புக்கு வெளியே. மற்றபடி விண்ணப்பம் கொடுக்கும் விதம், குழந்தைகளை நேர்காணல் செய்வது, காத்திருப்போர் பட்டியல், நிர்வாகிகள் தரும் சிபாரிசுக் கடிதம், இந்த நான்கும் உள்ளே. ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம் உண்டு. அந்த ஆண்டு கடிதம் கொடுத்த யாரும் குழுவில் இருக்கக்கூடாது. அமைப்பாளராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜெபசிங். அவருக்கு இந்தப் பள்ளியில் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அறிக்கை இரண்டு மாதத்தில். படித்துப் பார்த்தபோது ஜெயகணேஷுக்கே தன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

இங்கேதான் சங்கத்து வழக்கம் குறுக்கே வந்தது. சங்கக் கூட்டத்தில் யாரும் யாரையும் மறுத்துப் பேசமாட்டார்கள், அது மரியாதைக் குறைவு. பேசுவதையெல்லாம் முன்கூட்டியே அவரவர் இடத்தில் போய்ப் பேசி முடித்துவிட வேண்டும். கூட்டம் என்பது வடை தின்று கையெழுத்துப் போடுவதற்கு. ஆகவே ஜெயகணேஷ் தாளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்.

முதலில் முதல்வர் செல்வராணி மேடம். அவர் நேர்காணல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், சட்டப்படி குழந்தைய நேர்காணல் பண்ணக் கூடாது. தெரியும்லா?"

"தெரியும் மேடம். அதனாலதான் ஆராயணும்னு..."

"கூடாதுன்னு சட்டமே சொல்லுது. அப்ப நாம பண்ணல. பண்ணாத ஒண்ண குழு எப்படி சார் ஆராயும்?"

"அப்ப அந்தப் படம் காட்டிக் கேட்டது?"

"அது இன்டராக்ஷன். பிள்ளையோட பழகுறது."

பழகிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியதைப் பற்றிக் கேட்க ஜெயகணேஷுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. மேடம் பால் ஊற்றாத டீ கொடுத்தார். நேர்காணல் வரம்புக்கு வெளியே போயிற்று.

அடுத்தது துணைத்தலைவர் பாண்டியராஜ். உப்பளம் வைத்திருக்கிறவர். விண்ணப்பம் கொடுப்பது அவர் பொறுப்பு. அந்த ஆண்டு வெயிலில் வரிசை மூன்று தெருவுக்கு வளைந்து, ஜன்னல் திறந்த கொஞ்ச நேரத்தில் விண்ணப்பம் தீர்ந்துபோய்விட்டது என்று ஊரே காறித் துப்பியது. அவர் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தபடி வரைவைப் படித்தார்.

"குழுவுக்குப் பேரு என்னடே?"

"சேர்க்கை ஆய்வுக் குழு, அண்ணாச்சி."

"விண்ணப்பம் குடுக்கறது சேர்க்கையா? சேர்க்கைக்கு முந்துனது. கல்யாணத்த ஆராயணும்னா கல்யாணத்த ஆராயி, பொண்ணு பாத்தத எதுக்கு நோண்டுத?"

ஜெயகணேஷ் யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க அது சரி போலவே இருந்தது. அதுதான் அவருடைய பெரிய நோய். பாண்டியராஜ் இரக்கப்பட்டு, "வேணும்னா வரிசையில நிக்கவங்களுக்குத் தண்ணி, நிழலு, அத சேத்துக்க. மனுசத்தன்மை வேணும்லா" என்றார். தண்ணீரும் நிழலும் உள்ளே வந்தன, விண்ணப்பம் வெளியே போயிற்று.

பொருளாளர் செந்தூர்பாண்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். காத்திருப்போர் பட்டியல் அவர் கையில். அவர் யாரையும் காத்திருக்க வைக்காமல் உடனே சொன்னார்.

"அது இடம் கிடைக்காதவங்க பட்டியலு. நாம ஆராயறது சேந்தவங்கள. சேராதவங்கள ஆராய்ஞ்சா அது சேர்க்கைக் குழு இல்ல தம்பி, சேராமைக் குழு."

இப்படியாக வரைவில் "வரம்புக்கு உட்பட்டவை" என்பது இளைத்துக்கொண்டே வர, "வரம்புக்கு அப்பாற்பட்டவை" கொழுத்துக்கொண்டே போயிற்று. கடையில் இருந்த பிரிண்டரில் அதற்கே ஒரு டப்பா மை தீர்ந்தது. கடைசியில் உள்ளே இருந்தவை இரண்டுதான். ஒன்று கடிதம். இன்னொன்று தண்ணீர், நிழல்.

கடிதம் என்பது மகாராஜா அண்ணாச்சியின் சங்கதி. மொத்த இடத்தில் பாதிக்கு மேல் கடிதத்திலேயே நிறைந்துவிடும். அதுதான் நோயின் வேர் என்பது குழந்தைக்கும் தெரியும். அண்ணாச்சி தன் மரக்கடையில் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"கடிதம்ங்கறது சிபாரிசு இல்லடே. இன்னாரு பிள்ளைன்னு ஒரு அறிமுகம். அத எடுத்துரு."

ஜெயகணேஷ் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்தது அவருக்கே அந்நியமாக இருந்தது.

"அது மட்டும் இருக்கட்டும் அண்ணாச்சி."

மரம் அறுக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அண்ணாச்சி காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் முதல்முறையாக முடியாது என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றால் அன்று பார்த்திருக்க வேண்டும். காது சிவந்துபோய், மஞ்சப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அவரை அப்போதுதான் பிடித்தது.

அண்ணாச்சி சிரித்து, நன்னாரி சர்பத் கொண்டுவரச் சொன்னார். "சரிடே. ஒன் இஷ்டம்" என்றார். வியாபாரி கேட்ட விலைக்கு உடனே ஒத்துக்கொண்டால் பயப்பட வேண்டும் என்று கடை வைத்திருக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெயகணேஷ் சந்தோஷத்தில் ஸ்கூட்டர் சாவியை அங்கேயே மறந்துவிட்டுத் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் சந்தனச்செல்வி கடைக்குள் வந்தாள். ஜெயகணேஷ் அப்படியே எழுந்து நின்றார்.

"என்னண்ணே, சாப்டியா?"

இரண்டு மாதத்துக்கு அப்புறம் கேட்ட குரல். அவருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பெயிண்ட் டப்பாவை அடுக்குகிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

"உள்ள வாளா. உக்காரு."

"உக்கார நேரமில்ல. பிள்ளைக்கு சீட்டு கிடைச்சிட்டு. மகாராஜா அண்ணாச்சியே வீட்டுக்கு வந்து கடிதம் குடுத்தாவ. தங்கமான மனுசன்." அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு காரியம். கடிதத்தப் பத்தி நீ ஏதோ எழுதியிருக்கியாமே. குழு அத ஆராய ஆரம்பிச்சா, முடிவு வார வரைக்கும் இந்த வருசக் கடிதம் எல்லாத்தையும் நிறுத்தி வைக்கணுமாம். அண்ணாச்சிதான் சொன்னாவ."

"ஏளா, ஒனக்காகத்தான் நான் அத..."

"எனக்காகன்னா எடுத்துரு."

"நியாயம்னு ஒண்ணு இருக்குலா."

"நியாயத்த அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்ணே. இந்த வருசம் பிள்ளைக்கு யூனிபார்ம் எடுத்தாச்சி."

சொல்லிவிட்டு அவள் அண்ணன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிவிட்டாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். ஜெயகணேஷ் பேனாவை எடுத்தார். மகாராஜா அண்ணாச்சிக்குச் சொல்ல முடிந்ததை இவளுக்குச் சொல்ல முடியவில்லை. கடிதம் என்ற வரியை அடித்தார்.

கூட்டம் ஒரு வடை நேரத்தில் முடிந்தது. சேர்க்கை நடைமுறை ஆய்வுக் குழுவின் எல்லை வரையறை ஏகமனதாக நிறைவேறியது. உட்பட்டது: விண்ணப்ப வரிசையில் நிற்போருக்கான குடிநீர், நிழல். அப்பாற்பட்டவை: நான்கு பக்கம். இவ்வளவு தெளிவான ஒரு தாளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று மகாராஜா அண்ணாச்சி எழுந்து பொன்னாடை போர்த்தினார். ஜெபசிங் சார் மட்டும் அமைப்பாளருக்கான பிரதியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பந்தல்காரரக் கூப்ட்டா போதுமே, நான் எதுக்கு?" என்று கேட்டார். மறுத்துப் பேசுவது வழக்கமில்லை என்பதால், பக்கத்தில் இருந்தவர் வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

மறுநாள் கடையில் ஒரு பெண் வந்து நின்றாள். சேலை முந்தானையில் குழந்தை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று ஜெயகணேஷ் கத்திரிக்கோலை எடுத்தார்.

"அண்ணாச்சி, கமிட்டி போட்டிருக்கியளாமே. நீங்கதான் எழுதுனதுன்னு சொன்னாவ. நல்லாருப்பிய." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வெயிட்டிங் லிஸ்ட்ல எம்பிள்ளதான் மொதலாம். ஒரு எடம் காலியாச்சின்னா எங்களுக்குத்தான்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாவ. ஒரு எடம் காலியாச்சாம். ஆனா யாருக்கோ போயிட்டாம். யாருக்குன்னு ஒங்க கமிட்டி கேட்டுச் சொல்லும்லா?"

ஜெயகணேஷுக்கு அது யாருக்குப் போனது என்று தெரியும். அந்தக் குழந்தையின் யூனிபார்ம் நிறம்கூடத் தெரியும்.

"கேக்கும்லா அண்ணாச்சி?"

"சரிம்மா" என்றார் ஜெயகணேஷ்.

அவள் முகம் மலர்ந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமாவுக்கு டாட்டா சொல்லு என்றாள்.