பெரிய டாக்டரின் அலர்ஜி

எழுபதுகளில் செங்கம் ரோட்டில் ஒரு பெரிய டாக்டரின் மருத்துவமனையில் உதவி டாக்டராக இருந்தேன். பெனிசிலின் பொடியில் தண்ணீர் கலக்கும் வேலையை அவர் நர்ஸிடம்கூட விடமாட்டார். ஊசியைத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பீய்ச்சுவதில் அவருக்குத் தனி ஸ்டைல். மருந்தில் ஒரு பங்கு அவர் விரல்களில்தான் வழியும். விரல் நுனியெல்லாம் வெடிப்பு, கொப்புளம், அரிப்பு. "எனக்கே பெனிசிலின் அலர்ஜிப்பா" என்று அதைப் பதக்கம் மாதிரி காட்டுவார்.

ஒருநாள் பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். மண்வெட்டி பட்ட கால் சீழ் பிடித்து, நல்ல காய்ச்சல்.

"பெனிசிலின் மட்டும் வேணாங்க. போன வருஷம் போட்ட உடனே உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு அடைச்சிடுச்சு. பொழச்சதே பெருசு" என்றார்.

பெரிய டாக்டர் சிரித்தார். "எனக்கும்தான் ஒத்துக்காது. தினம் தொடறேன், செத்தா போயிட்டேன்? கொஞ்சம் அரிக்கும், அவ்ளோதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைத் தனியே அழைத்து, "சார், ரெண்டும் ஒண்ணு இல்லைங்க" என்றேன். பெனிசிலின் தனியாக இருந்தால் உடம்பின் காவல் கண்டுகொள்ளாத அளவு சிறியது. நம்முடைய புரதத்தில் போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அந்நியனாகத் தெரிகிறது. அதுவரை இருவர் கதையும் ஒன்றே. ஆனால் அவர் விரலைத் தேடி வருபவை வெள்ளணுக்கள். ஓரிரு நாள் கழித்து, ஆற அமர வந்து, மருந்து பட்ட இடத்தில் கொப்புளம் போடும். விவசாயிக்கோ எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகி, உடம்பெங்கும் சில செல்களின் மேல் ஏறிக் காத்திருக்கிறது. மருந்து வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும்; மூச்சுக்குழல் சுருங்கும், ரத்த அழுத்தம் விழும். நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த மேதை சொன்னது: "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கே. கொஞ்சூண்டு டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துட்டா போச்சு."

அவர் ஊசியில் மருந்தை எடுத்தார். தடுக்க முடியாத நான் இன்னொரு ஊசியில், அலர்ஜி முற்றினால் உயிரைக் காக்கும் அட்ரினலினை எடுத்து வைத்துக்கொண்டேன்.

முன்னங்கைத் தோலுக்குள் ஒரு சொட்டுதான் போனது. சற்று நேரத்தில் கழுத்து, மார்பு எல்லாம் தடித்தன. உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது, நாடி கைக்கு அகப்படவில்லை. அட்ரினலினைத் தொடையில் ஏற்றினேன். இன்னொரு தடவையும் ஏற்ற வேண்டியிருந்தது. பெரிய டாக்டர் சுவரோரமாக நின்றார். விவசாயியின் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. அவர் கால் புண்ணுக்கு வேறு வகை மாத்திரை கொடுத்தேன்.

பெரிய டாக்டருக்கு அதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. "பயப்படாதேம்மா, அலர்ஜிதான். எனக்கும் இருக்கு பாரு" என்று அந்த மனைவியிடம் விரல்களை நீட்டினார்.

அவள் அவற்றை நன்றாகவே பார்த்தாள். "உங்களுக்கு விரல் அரிச்சா நோவு. எங்க வூட்டுக்காரரு மூச்சடைக்குதுன்னு சொன்னா மட்டும் பொய்யிங்களா?"

அவர் விரல்களை மடக்கிக்கொண்டார். மறுநாள் கடைக்கு ஆள் அனுப்பி, தன் கைகளுக்கு ரப்பர் உறை வாங்கிவரச் சொன்னார்.