போடாத ஊசிக்கு விழுந்த பச்சைக் குறி

இதை எழுத எனக்கு மூன்று வருடங்கள் பிடித்தன. கொப்பியைத் திறப்பேன், சாமிப் படத்தைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். சொன்ன பொய்யை ஒத்துக்கொள்வது மட்டுமென்றால் அப்போதே எழுதியிருப்பேன். அந்தப் பொய் எனக்குள் செய்த வேலைதான் என்னைப் பயமுறுத்தியது.

கெலிஓயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்ட எல்லையில் எங்கள் வீடு. நாய் வளர்த்துப் பழகாத குடும்பம். குட்டி வந்த அன்றே, ஒன்பது வயது மகள் என் போனில் ஒரு ஆப்பை இறக்கினாள். சோறும் கோழியும் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். மிருக வைத்தியர் சொன்னதையும் ஊசித் திகதியையும் போட வேண்டும். கணவரின் போனிலும் அதே கணக்குத் தெரியும். குட்டிக்கு மூன்று மாதமானபோது, வெறிநோய் வராமலிருக்கப் போட்ட முதல் விசர்நாய்த் தடுப்பூசியை, ஊசிக் குப்பியின் ஒட்டுச்சீட்டைப் படமெடுத்து, மகளே ஏற்றினாள்.

அடுத்த ஊசி ஒரு வருடம் கழித்து. அது கந்த சஷ்டி விரதத்தில் வந்து விழுந்தது. அந்த ஆறு நாளும் ஊசி, இரத்தம் என்று வெளியே போவதில்லை என்பது என் வழக்கம். ஆப்புக்கு விரதம் ஏது? விளக்கேற்றும் நேரம் பார்த்துக் கூவியது. மூன்றாம் நாள் கோபத்தில் ‘முடிந்தது’ என்பதை அழுத்திவிட்டேன். விரதம் முடிந்ததும் போகலாம் என்றுதான் அழுத்தினேன். பச்சைக் குறி விழுந்தது. அடுத்த திகதி ஒரு வருடம் தள்ளிப் போனது. அதன்பின் அது கூவவேயில்லை. நானும் போகவில்லை.

மாசி மாதம் எங்கள் நாய்ப் பயல் இரண்டு நாள் காணாமல் போனான். திரும்பி வந்தவன் வேறு யாரோ போலிருந்தான். குரைத்தால் கரகரவென்று காற்றுதான் வந்தது. தண்ணீர்ச் சட்டியருகே போவான், பார்ப்பான், பின்வாங்குவான். பகல் முழுதும் தேயிலைச் செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காது அசையவில்லை. கழுத்தைத் தடவப்போன மகளின் கையைக் கடித்தான்.

சவர்க்காரம் போட்டு, குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினோம்.

“அழாத புள்ள. அவனுக்குத்தான் ஊசி போட்டிருக்கே,” என்றார் கணவர், தன் போனைக் காட்டி.

“ஆமாங்க, மழையில நான்தானே கொண்டு போனேன்,” என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நடிக்கவில்லை. நனைந்த குடைகள், இரும்பு மேசையின் குளிர், என் சேலை முந்தானையை அவன் கடித்து இழுத்தது, எல்லாம் கண்முன் இருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பச்சைக் குறியைப் பார்த்தார். “ரெண்டு ஊசியும் ஒழுங்கா போட்டிருந்தா, நாயைப் பாத்துக்கிட்டு, புள்ளைக்கு ஊசி போடாமப் பொறுக்கலாம். ரெண்டாவது ஊசியோட சீட்டுப் படம் எங்கம்மா?”

குறியைத் தொட்டேன். அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

“ஊசிக் கார்டு இருக்கா?”

“வீட்டில…” என்று இழுத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். என் நினைவில் அவன் மடியில் அடங்கும் குட்டியாக இருந்தான். இரண்டாவது ஊசி வந்தபோது அவன் என் முழங்காலுக்கு மேல் வளர்ந்தவன். நான் கண்டது முதல் ஊசியின் நாள். இரண்டாவது நாள் என்று ஒன்று இல்லவே இல்லை.

கணவர் பார்க்க, மகள் பார்க்கச் சொன்னேன்: “ஊசி போடல டாக்டர். சத்தம் நிக்கட்டும்னு நான்தான் ‘முடிந்தது’ன்னு அமத்தினேன்.”

“அப்ப மழையில கொண்டு போனேன்னு நீங்க சொன்னது?” என்றாள் மகள்.

அன்றே அவளுக்குக் காயத்தைச் சுற்றியும் கையிலும் ஊசி போடத் தொடங்கினார்கள். “நாயைக் கட்டிவச்சுப் பதினாலு நாள் பாருங்க. அடிச்சுக் கொன்னுராதீங்க,” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் மிருக வைத்தியர் தடித்த கையுறையோடு வந்து, மயக்கம் கொடுத்துப் பார்த்தார். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு, மயிருக்குள்ளே, கழுத்துத் தோலை அறுத்துக்கொண்டு இருந்தது. அதை வெட்டியெடுத்துவிட்டு, விழுங்க முடியாததும் குரல் போனதும் அதனால் இருக்கலாம் என்றார். “ஆனா கம்பி இருந்துச்சுங்கிறதால விசர் இல்லன்னு சொல்ல முடியாது. பதினாலு நாளையும் எண்ணுங்க.”

எண்ணினோம். நீண்ட கோலால் சட்டியைத் தள்ளுவேன். ஆப்பில் மகள் எழுதுவாள்: குடிக்கவில்லை. குடிக்கவில்லை. நான்காம் நாள் காலை: கொஞ்சம் குடித்தான். பதினைந்தாம் நாள் அவன் வாலாட்டிக்கொண்டு சோறு கேட்டான். மகளும் நலம். முருகன் கருணை. டாக்டரம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியும் முருகனே கேட்கவைத்ததுதான் என்று நம்புகிறேன்.

புண் ஆறியதும் ஊசி போட்டோம், சீட்டுப் படமும் ஏற்றினோம். ஆனாலும் மழை நாட்களில் அந்த இரும்பு மேசை வருகிறது. இப்போது அதன்மேல் குட்டி இல்லை. வளர்ந்த நாய் நிற்கிறது, ஊசி ஏறுகிறது, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நடக்காதது, வருடா வருடம் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

நாய் வளர்க்கும் வீடு எதுவானாலும் இதை வாசிக்கக் கொடுங்கள். என் மேல் இரக்கப்பட்டு, நான் ‘முடிந்தது’ என்று அழுத்தியதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், இருக்கிறபடியே கொடுங்கள்.