அறுபத்தொரு ரூபாய்க்கு விபரம் கேட்டேன்

மனைவிக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்து, சேர்த்த பதினாலாம் நாள் மிஷன் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கந்தோரில் கிளாக்கர் எழுதிக் கொடுத்த பில்லில் ஒரே ஒரு வரிதான்: மொத்தம் அறுபத்தொரு ரூபாய். என்னிடம் ஐம்பதுதான் இருந்தது. மிச்சத்துக்கு ஏர்மாடு இரண்டில் ஒன்றை விற்க வேண்டும். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு வயல் வட்டையில் எப்படி உழுவது? ஆனால் கிளாக்கர் முன்னால் எனக்கு வாய் திறக்கவில்லை. ஒரு கிழமை தவணை மட்டும் கேட்டு, மனைவியைத் தோணியில் கூட்டி வந்துவிட்டேன்.

வீட்டில் அவள் விடவில்லை.

"வாயால கேக்க வெக்கமெண்டா எழுதிக் கேளுங்க. மூண்டாம் வகுப்பு மட்டும் படிச்சது மறுகா எதுக்கு?"

எழுதினேன். மூன்று தாள் கிழிந்தது. நாலாவதில் இப்படி வந்தது:

"ஐயா, நான் காசு தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அறைக்கு எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, ஒப்பரேஷனுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று வேறு வேறாக எழுதித் தரவேண்டும். எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுக்க விரும்புகிறேன்."

தபாலில் போட்ட நாலாம் நாள் பதில் வந்தது. உறையைப் பிரித்து, வரிவரியாக விரல் வைத்து வாசித்தேன். அறை பதினாலு நாள், இரண்டு ரூபாய்ப்படி இருபத்தெட்டு. ஒப்பரேஷன் இருபது. மருந்தும் கட்டும் ஆறு. சாப்பாடு ஏழு.

நான் துள்ளி எழும்பினேன். முதல் ஆறு நாளும் அவள் இருந்தது பொது வார்டில். அங்கே கட்டிலுக்குக் காசில்லை. சாப்பாடும் நாங்கள் தினமும் தோணியில் கொண்டுபோனதுதானே!

அடுத்த நாளே இருவரும் கந்தோருக்குப் போனோம். கடிதம் கையில் இருந்ததால் வாய் தானாகவே திறந்தது. கிளாக்கர் வார்டுப் புத்தகத்தை எடுப்பித்துப் பார்த்தார்.

"ஓம், ஏழாம் நாள்தான் அறைக்கு மாத்தியிருக்கு. நான் இவ வந்த நாளில இருந்தே கணக்குப் போட்டிட்டன். பிழை என்னிலதான்."

"சாப்பாடும் பிழை ஐயா. நாங்க வீட்டுச் சோறுதான் குடுத்தம்."

அவர் சாப்பாட்டுக் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். பதினாலு நாளும் பாண் ரொட்டியும் பாலும் கொடுத்ததாக அடையாளம் இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தந்த சாப்பாட்டை வேணாமெண்டு திருப்பி அனுப்புறதா? வார்டில பக்கத்துக் கட்டில்ல, வாகரையில இருந்து வந்த மனிசிக்கு ஒரு ஆளுமில்ல. அவவுக்குத்தான் குடுத்தன். அறைக்குப் போன பிறகும் ஆயாட்டக் குடுத்தனுப்பினன்."

கிளாக்கர் சிரித்துவிட்டார். "அம்மா, வேணாமெண்டு நேர்ஸிட்டச் சொல்லியிருந்தா எழுதியிருக்கவே மாட்டாங்க. இப்ப நான் வெட்டேலாது."

"வெட்ட வேணாம் ஐயா," என்றேன். "அது நாங்க தரவேண்டியதுதான்."

பன்னிரண்டு ரூபாயை வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். நாற்பத்தொன்பது! ஐம்பதையும் மேசையில் வைத்தேன். பற்றுச்சீட்டும் ஒரு ரூபாயும் கைக்கு வந்தபிறகும் அங்கேயே நின்றேன்.

"இன்னும் என்ன?" என்றார் கிளாக்கர்.

"ஒண்டுமில்ல ஐயா. நாளைக்கு ரெண்டு மாட்டோடயும் உழவு."