கேள்வி நேரம் பதிவாகாது

எனக்கு மைக்கைக் கண்டால் பயம் கிடையாது. பேச விடாவிட்டால்தான் கோபம் வரும். திருத்தணியில் எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளராக இருந்த காலத்தில், பெண்கள் நலம் பற்றிய வெபினாருக்கு வரவேற்புரை நீதான் என்று தலைவி அக்கா சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அழைப்பிதழில் வெபினார் என்று போட்டோமே தவிர, போனில் எல்லாரும் சேர்ந்து பேசும் சாதாரணக் கூட்டத்துக்கான இணைப்புதான் அது. சென்னையிலிருந்து ஒரு மகப்பேறு மருத்துவர் பேச ஒப்புக்கொண்டிருந்தார். கிருத்திகையன்று மலைக்கு வரும் கூட்டத்தில் நெட்டும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும் என்பதால் வேறு நாள் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கும் பால் கறக்கிற நேரத்துக்கும் நடுவில் வைத்தோம்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கூட்டத்துக்கு நான் அலையாய் அலைந்ததெல்லாம் ஒரே ஒருத்திக்காக. மணவூரில் இருக்கும் என் அண்ணி. அவளுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்போது திரும்பவும் அவ்வப்போது உதிரம் படுகிறது என்று ஒருநாள் காதோடு சொன்னாள். "வெயில்ல நின்னு வேலை செஞ்ச சூடும்மா, உங்க அண்ணங்கிட்ட மூச்சு வுடாத" என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்காக நானே கேட்டு வந்து பதில் சொன்னால் "அது வேற யாருக்கோ" என்று தட்டிக் கழிப்பாள். அவள் வாயால் அவளே கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு.

கூட்டமைப்பு அலுவலகத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் தலைவி அக்கா. திரையில் கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக முளைக்க முளைக்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திருவாலங்காடு, அரக்கோணம், எங்கள் ஊர்ப் பக்கம் என்று எல்லாக் குழுவும் வந்துவிட்டது. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது, இன்னொரு வீட்டில் ஆடு கத்தியது, ஒரு அம்மா "ஆங், கேக்குது, கேக்குது" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லா மைக்கையும் ஒரே அமுக்கில் அணைத்தேன். அண்ணியின் கட்டமும் வந்திருந்தது.

மனப்பாடம் செய்ததை மளமளவென்று சொன்னேன். மருத்துவரை வரவேற்றேன். மைக்கை அணைத்தே வையுங்கள், வீடியோ வேண்டாம், டேட்டா தீர்ந்துவிடும், லைன் அறுந்தால் அதே இணைப்பைத் திரும்பத் தொட்டு உள்ளே வாருங்கள் என்றேன். கேள்வி இருந்தால் கை படத்தை அமுக்குங்கள், நான் கூப்பிடும்போது மைக்கைத் திறந்து பேசுங்கள் என்றேன். கடைசியாக, "இந்தக் கூட்டம் முழுசும் ரெக்கார்டு பண்ணப்படும், எல்லா குரூப்புக்கும் வீடியோ அனுப்புவோம்" என்று பெருமையாகச் சொல்லிப் பதிவு பட்டனையும் தட்டினேன்.

பதிவு தொடங்கியது என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது. கட்டங்கள் மறையத் தொடங்கின. ஒன்று, இரண்டு, அப்புறம் கொத்தாக. அண்ணியின் கட்டமும் போய்விட்டது.

"நெட் போச்சா?" என்றார் தலைவி அக்கா. மருத்துவரிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டு அண்ணிக்குப் போன் போட்டேன்.

"ஏன் அண்ணி வெளிய போயிட்டீங்க?"

"ஏதோ பொட்டி மாதிரி வந்துச்சும்மா, ரெண்டு பட்டன் இங்கிலீஷ்ல. ஒண்ண அமுக்கினேன், எல்லாம் போயிடுச்சு. நல்லதாப் போச்சுன்னு வுட்டுட்டேன்."

"என்னா நல்லது?"

"நீதான சொன்ன, வீடியோ எல்லா குரூப்புக்கும் வரும்னு. நான் கேக்கறத உங்க அண்ணன் போன்ல கேட்டுகினு இருக்கணுமா? நல்லா கீதே நாயம்."

பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. பெட்டியைப் பார்த்துத் தெரியாமல் வெளியேறியவர்கள் பாதி, தெரிந்தே வெளியேறியவர்கள் பாதி என்று புரிந்தது. பதிவை நிறுத்தினேன். தலைவி அக்காவிடம், கேள்வி நேரத்தைப் பதிவு செய்ய வேண்டாம் என்றேன்.

"ரெக்கார்டு இல்லன்னா மேல ஆபீசுக்கு இன்னான்னு காட்றது?"

"டாக்டர் பேசறது இருக்கும் இல்ல அக்கா? அத காட்டுங்க. கேள்விய காட்டி நமக்கு இன்னா ஆவணும்?"

அவர் திரையில் மிச்சமிருந்த கட்டங்களைப் பார்த்தார். "சரி, நீயே சொல்லி எல்லாரையும் திரும்ப இட்டுகினு வா" என்றார்.

கேள்வி நேரம் பதிவாகாது, திரும்ப உள்ளே வாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் எல்லாக் குழுவுக்கும் குரல் பதிவு ஒன்றை அனுப்பினேன். கட்டங்கள் திரும்ப முளைத்தன. அண்ணியும் வந்தாள். இரண்டாவது வரவேற்புரைக்கு மனப்பாடம் ஒன்றும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அம்மா, அக்கா, எல்லாரும் கேளுங்க. டாக்டர் பேசறது மட்டும்தான் ரெக்கார்டு ஆவும். அதுல உங்க முகமும் வராது, குரலும் வராது. இப்ப ஒரு பொட்டி வரும், ரெண்டு பட்டன் இருக்கும். 'எல்' எழுத்துல ஆரம்பிக்கறது வெளிய போறதுக்கு, அத வுட்டுட்டு இன்னொண்ண அமுக்குங்க. டாக்டர் முடிச்சதும் நான் ரெக்கார்ட நிறுத்துவேன். நிறுத்திட்டேன்னு சத்தமா சொல்லுவேன், போன்லயும் ஒரு குரல் வரும். அதுவரிக்கும் கேள்வி கேக்காதீங்க. கேக்கறத சாட்ல எழுதுங்க, அது எனக்கு மட்டும்தான் வரும். எழுத வராதவங்க என் வாட்ஸ்அப்புக்குப் பேசி அனுப்புங்க. பேர் சொல்லாம நான் படிப்பேன். பேசணும்னு இருக்கறவங்க மட்டும் கைய தூக்குங்க. ஒருத்தருக்கு ஒரு கேள்வி. பக்கத்து வூட்டுக் கதை வேணாம். நீங்களும் வேற போன வச்சி இத புடிக்காதீங்க. புடிச்சா எனக்குத் தெரியாது, உங்கள நம்பித்தான் சொல்றேன்."

பேசி முடித்தபோது மருத்துவர் சிரித்துக்கொண்டே கைதட்டினார். சாட்டை எனக்கு மட்டும் வரும்படி மாற்றிவிட்டுப் பதிவைத் தட்டினேன். இந்த முறை ஒரு கட்டம்கூட அசையவில்லை.

மருத்துவர் எளிமையாகப் பேசினார். முடித்ததும் பதிவை நிறுத்தி, "நிறுத்திட்டேன்!" என்று கத்தியே சொன்னேன். அப்புறம் பாருங்கள், மழை பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை இறக்கம், வருடக்கணக்காக யாரிடமும் வாய் திறக்காத வலி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள், குரலில் கிசுகிசுத்தார்கள். நான் படிக்க, மருத்துவர் சொல்ல, தலைவி அக்கா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்து இழுத்து என் மடியிலேயே உட்கார்ந்துவிடுவார் போலிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கண் மட்டும் அண்ணியின் கட்டத்தை விட்டு நகரவில்லை. சாட்டில் அவளிடமிருந்து எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பிலும் இல்லை. நேரம் முடியப்போகிறது என்று மருத்துவர் சொன்னார்.

அப்போது அண்ணியின் கட்டத்தில் ஒரு கை எழுந்தது.

எழுதியே அனுப்பியிருக்கலாமே, கை தவறிப் பட்டுவிட்டதோ என்று நினைத்தபடி மைக்கைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, நின்று இரண்டு வருடம் ஆன பிறகு திரும்ப உதிரம் படுவதை அத்தனை பேருக்கும் நடுவில் அப்படியே சொன்னாள்.

"ஒரு சொட்டா இருந்தாலும் பார்த்தே ஆகணும்மா" என்றார் மருத்துவர். "பெரும்பாலும் பயப்படற மாதிரி இருக்காது. ஆனா பார்க்காம யாரும் அப்படிச் சொல்ல முடியாது. தள்ளிப் போடாம ஸ்கேன் எடுங்க. கூட வர ஆள் இருக்காங்களா?"

"கீறாங்க டாக்டரம்மா" என்றாள் அண்ணி. "அங்க மைக் புடிச்சிகினு பேசுதே, அது என் நாத்தனாருதான். அது இட்டுகினு போவும்."

யார் பேரையும் சொல்ல மாட்டேன் என்று அவ்வளவு நேரம் உறுதி சொன்ன நான், மைக் திறந்திருப்பது தெரிந்தே, "நாளைக்குக் காலையிலேயே வரேன் அண்ணி, ரெடியா இருங்க!" என்று எல்லார் காதிலும் விழக் கத்தினேன்.